செண்பகம் வாயைக் கட்டிய ஞாயிறு

தலையைக் குனிந்து உட்கார்ந்தால் செண்பகத்துக்குத் தெரிவதெல்லாம் தன் மடியில் விரித்திருந்த பழைய துண்டும், பால்கனித் தரையும், பின்னால் நிற்கும் உமையாளின் இடது கால் கட்டைவிரலும்தான், அந்தக் கட்டைவிரல் நகத்தில் பாலீஷ் பாதி உரிந்து கிடந்தது, இது என்ன கூத்து, உமையாளா இப்படி, நகப்பூச்சு ஓரத்தில் ஒரு பொட்டு உரிந்தாலே முழுசையும் அழித்துவிட்டுப் புதுசாகப் போட்டால்தான் சோறு இறங்கும் என்பவள் ஆயிற்றே, கேட்டுவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது, ஆனால் அதற்குள் மருதாணிக் குழம்பு ஜில்லென்று உச்சியில் இறங்கியது, அம்மாடி, என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள் செண்பகம், கேட்க வந்தது மறந்துபோனது. மாசத்தில் ஒரு ஞாயிறு இப்படித்தான், இவள் தலைக்கு அவள், அவள் தலைக்கு இவள், இரும்புச் சட்டியில் டீத்தண்ணி ஊற்றி ராத்திரியே குழப்பி வைத்த மருதாணி, சீப்பின் வாலால் வகிடு பிரித்துப் பிரித்து பிரஷால் தடவுவது, தடவி முடித்து பாலித்தீன் பையைத் தொப்பியாகக் கட்டிக்கொண்டு ஊர்க்கதை, வில்லாபுரத்துக்குக் குடிவந்ததிலிருந்து இந்த வழக்கம் ஒரு மாசம் தவறியதில்லை, போன மாசத்தைத் தவிர, போன மாசம் உமையாள் ஜுரம் என்று சொல்லிவிட்டாள். ஜுரம் என்றால் கஷாயம் கொண்டு வருகிறேன் என்றதற்கு வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். செண்பகத்துக்கு அப்போது மனசு சுருக்கென்றது நிஜம், ஆனால் யாரிடம் சொல்ல, வீட்டுக்காரர் கதிரேசனிடம் சொன்னால் உனக்கு ஊர்ல எல்லாரும் உன்கிட்ட ஒப்பிச்சுக்கிட்டே இருக்கணும் என்பார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, செண்பகத்தின் வாய் அப்படி, அவள் அம்மாவே சொல்வாள், இவ வாயை மூடணும்னா ஊரையே பூட்டணும் என்று. இன்றைக்கு அவரும் மகளும் அவருடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள், வீடு அமைதியாக இருந்தது, கைப்பைக்குள் உமையாளுக்காக ஒரு பொட்டலம் குங்குமம் இருந்தது, அதை எப்போது எடுத்துக் கொடுக்கலாம், மருதாணி முடிந்த பிறகா, இப்பவேவா என்று அவள் மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

"செண்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் உமையாள். குரல் தலைக்கு மேலிருந்து வந்தது, திரும்பப் போனவளை, "திரும்பாத, மருதாணி கழுத்துல ஒழுகிரும்" என்று பிடித்து நிறுத்தினாள். "நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாத. முடிச்சதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் கேளு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கக் கூடாது, அதை நான் முன்னாடியே சொல்லிர்றேன்." என்னத்தைச் சொல்லப்போகிறாள், பரம்பொருளே, என்று நினைத்தாள் செண்பகம். கட்டியா, மார்பில் கட்டியா, சித்தி மகளுக்கு வந்தது போலவா, இல்லை இவள் வீட்டுக்காரர் சொக்கலிங்கத்துக்கும் இவளுக்கும் ஏதாவது, அந்த மனுசன் ஒரு ஈயைக்கூட அதட்ட மாட்டாரே, இல்லை மாற்றலாகி ஊரைவிட்டுப் போகிறார்களா, ஐயையோ அப்படி மட்டும் இருக்கக் கூடாது, மாசத்துக்கு ஒரு ஞாயிறு இவள் கை தலையில் படாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று ஒரு நொடிக்குள் உலகத்தையே சுற்றி வந்தாள். "அடுத்தது எப்போ, முயற்சி பண்றீங்களா, டாக்டர் என்ன சொல்றாங்க, வயசு போகுதே, இந்த மாதிரி எதுவும் கேக்கக் கூடாது. அதுல சொல்ற மாதிரி ஏதாச்சும் இருந்தா நானே வந்து உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன், அது வரைக்கும் நீ கேக்கக் கூடாது. வாய் தவறிக் கேட்டுட்டா நான் கோச்சுக்க மாட்டேன், வேண்டாம்னு மட்டும் சொல்லுவேன். அதுக்கப்புறமும் கேட்டா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன். உன் தலையில பாதி மருதாணியோட விட்டுட்டுப் போயிருவேன், சொல்லிட்டேன்" என்றாள், கடைசி வார்த்தையில் குரல் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, ஆனால் பிரஷ் பிடித்த கை நின்றிருந்தது. அடுத்தது என்றால், அடுத்தது என்ற வார்த்தைக்கு முன்னால் ஒன்று இருக்க வேண்டுமே, என்று செண்பகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் துண்டின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே, சரி என்று தலையை ஆட்டினாள்.

உமையாள் சொன்னாள். வகிடு பிரித்துக்கொண்டே சொன்னாள், அது என்னமோ ரேஷன் கடையில் பாமாயில் வந்த சேதியைச் சொல்வது போல நிதானமாக, ஆனால் ஒரு வார்த்தையைக்கூட விழுங்காமல். நாள் தள்ளிப்போனதாம், குச்சியில் பார்த்தால் ரெண்டு கோடு வந்ததாம், அவளுடைய மாமியார் மூணு மாசம் முடியிற வரைக்கும் வெளியில மூச்சு விடாதீங்க, கண்ணு பட்டுரும் என்றாராம், அதனால்தான் செண்பா உன்கிட்டகூடச் சொல்லல, அதுதான் எனக்கு இப்பத் தாங்கல, என்றாள். "வந்ததையும் சொல்லல, போனதையும் சொல்ல முடியல. ஒரே வாயால ரெண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கு பாரு." மாதவிலக்கு மாதிரி ஒன்றும் முதலில் படவில்லையாம், வாந்திகூட இருந்துகொண்டே இருந்ததாம், வழக்கமான ஸ்கேனுக்குத்தான் போனார்களாம். சுவரில் ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது என்று பெரிய எழுத்தில் போர்டு, அதைப் படித்துக்கொண்டே படுத்திருந்தாளாம், ஸ்கேன் எடுத்த பெண் திரையைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாளாம், அப்பவே தெரிஞ்சுபோச்சு செண்பா, ஒண்ணுமில்லன்னா எதுக்குத் திருப்புறா. வளர்ச்சி நின்றுவிட்டது, துடிப்பு இல்லை என்றார்களாம். உடனே எதுவும் செய்துவிடவில்லை, ஒரு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கொண்டுதான் பேசினார்களாம், அந்த ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, பிரஷைச் சட்டியில் வைத்துவிட்டுக் கையுறையை ஒரு தரம் கழற்றி மாட்டினாள். தானாக வரும் வரை காத்திருக்கலாம், மாத்திரை போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் மயக்கம் கொடுத்துச் சுத்தம் பண்ணிவிடலாம், எது வேண்டும் என்று டாக்டரம்மா அவளிடமே கேட்டாராம். அவள் மாத்திரையைச் சொன்னாளாம். கன்னத்துக்குள் அடக்கிவைக்க வேண்டிய மாத்திரை, கரையக் கரையச் சுண்ணாம்பு மாதிரி ஒரு ருசி, அதற்கப்புறம் குளிர் எடுத்து, வயிற்றைப் பிசைந்து, கட்டிக் கட்டியாக, இவ்வளவு வரும்னு சொல்லியிருந்தாங்க செண்பா, ஆனா சொன்னதும் பார்த்ததும் ஒண்ணில்ல, ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு நாப்கினுக்கு மேல நனைஞ்சா, ஜுரம் வந்தா, உடனே ஓடி வந்திருங்கன்னு எழுதிக் குடுத்திருந்தாங்க, அப்படி ஆகல. பிறகு ஸ்கேன் பார்த்து எல்லாம் வெளியேறிவிட்டது என்று சொன்னார்களாம். அதற்கப்புறமும் கொஞ்ச நாள் பட்டுக்கொண்டே இருந்ததாம், மார்பு கனத்துக்கொண்டே இருந்ததாம், ஒரு நாள் குச்சியில் சும்மா பார்த்தாளாம், இன்னமும் ரெண்டு கோடு காட்டியதாம். உடம்புல அந்த ஹார்மோன் வடிய நாளாகுமாம், டாக்டரம்மா சொன்னாங்க, உடம்புக்கு இன்னும் சேதி போகல, அவ்வளவுதான், என்றாள் உமையாள்.

செண்பகம் வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு கேள்வி என்றால் பரவாயில்லை, நூறு கேள்வி, கல்யாண வீட்டுப் பந்தியில் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தது. ஏன் ஆச்சு, பப்பாளி சாப்பிட்டாளா, எள்ளுருண்டை சாப்பிட்டாளா, ஸ்கூட்டியில் போனாளா, மூணாம் மாடி வரைக்கும் தண்ணிக் குடம் தூக்கினாளா, ச்சீ, இது என்ன நினைப்பு, என்று தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள், அதற்குள் உமையாளே, "நான் ஏதாச்சும் தப்பா பண்ணிட்டேனான்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். நீ ஏதோ செஞ்சதால இது வரல, செய்யாததாலயும் வரல, பெரும்பாலும் கரு உருவாகும்போதே கணக்கு சரியா விழலேன்னா இப்படி ஆகும், எத்தனையோ பேருக்கு ஆகுது, யாரும் வெளிய சொல்றதில்ல அவ்வளவுதான்னாங்க" என்றாள். யாரும் சொல்வதில்லை. ஆமாம், எதிர்வீட்டு அக்கா, அலுவலகத்துத் தோழிகள், தன் சொந்த அத்தை, யாருக்கு ஆயிற்று யாருக்கு ஆகவில்லை, ஒருத்தியாவது வாயைத் திறந்தாளா, ஊர் வாய் முழுக்க விசேஷமா விசேஷமா என்று கேட்பதற்குத்தான் இருக்கிறதே தவிர இதைச் சொல்வதற்கு ஒரு வார்த்தை இல்லை, கலைஞ்சிருச்சு என்பார்கள், ஏதோ கோலம் கலைந்த மாதிரி, என்று நினைத்தபோதே செண்பகத்துக்கு அழுகை முட்டியது, அழுகை முட்டினால் அவளுக்கு வாய் தானாக ஓடும், அது பிறவிக் குணம், ஓடியும்விட்டது. "விடுடி தங்கம், உனக்கென்ன வயசாயிருச்சு, முப்பத்திரண்டுதானே, உடம்பு கொஞ்சம் தேறட்டும், அடுத்த தையி..." வார்த்தை பல்லுக்கு வெளியே போன பிறகுதான் அவளுக்கே கேட்டது. ஐயோ பாவி, என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் செண்பா" என்றாள் உமையாள். அவ்வளவுதான். குரல் உயரவில்லை, உடையவும் இல்லை, சூடான பாத்திரத்தைத் தொடப்போகும் குழந்தையிடம் சொல்வதுபோல ஒரு வேண்டாம். பிறகு, "இடது பக்கம் சாய்" என்று தலையை மெதுவாகத் திருப்பிக் காதோரம் தடவ ஆரம்பித்தாள். செண்பகத்துக்கு அந்த நேரம் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது, ஆனால் அதற்கும் மேலே இன்னொன்று இருந்தது, ஆச்சரியம், அப்பட்டமான ஆச்சரியம், எப்பேர்ப்பட்ட பொம்பளைடி நீ என்று. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன், கத்தியிருப்பேன், இல்லை அழுது ஊரைக் கூட்டியிருப்பேன், இல்லை கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே தேய்ந்துபோயிருப்பேன், கேட்காதே என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்திருக்காது. இவள் சொல்கிறாள். கோபப்படாமல் சொல்கிறாள். வாசலில் கோடு கிழித்துவிட்டு, இதுக்குள்ள நீ வரலாம், இதைத் தாண்டாத, ஆனா வா, உன்னைத்தான் கூப்பிடுறேன் என்று சொல்கிறாள். மாமியாரிடம் என்ன சொன்னாளோ, அலுவலகத்தில் என்ன சொன்னாளோ, எல்லாரிடமும் ஜுரம் என்றவள் தன்னிடம் மட்டும், இந்த ஓட்டைவாய் செண்பகத்திடம், உண்மையைக் கொண்டுவந்து இறக்குகிறாள், அதுவும் எப்போது, தான் திரும்ப முடியாத நேரமாகப் பார்த்து, ரெண்டு பேர் முகமும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாத நேரமாகப் பார்த்து, என்ன மூளை, என்ன நிதானம். "கதிரேசன் அண்ணன்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சுன்னா என்னைக் கேட்டுட்டுச் சொல்லு" என்றாள் பின்னாலிருந்து. "சொல்ல மாட்டேன்" என்றாள் செண்பகம், அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு சின்னதாக ஒரு பதில் சொன்னதில்லை.

அந்தக் குங்குமம். கைப்பைக்குள் கிடக்கும் குங்குமம் இப்போது அவளைக் குத்தியது. போன மாசம், உமையாள் ஜுரம் என்று சொன்ன அதே சமயத்தில்தான், செண்பகம் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி அம்மன் கோயிலுக்குப் போய் வேப்பமரத்தில் மரத்தொட்டில் ஒன்றை மஞ்சள் கயிற்றால் கட்டிவிட்டு வந்திருந்தாள், தாயே, என் உமைக்கு ஒரு பிள்ளையைக் கொடு, அடுத்த வருஷம் அவளையே கூட்டிவந்து பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, பக்கத்துக் கிளையில் கட்டியிருந்த தொட்டில்களைவிடத் தன் தொட்டில் கொஞ்சம் அழகாக இருப்பதில் ஒரு பெருமையோடு, அங்கே கொடுத்த குங்குமத்தையும் மடித்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தாள். நான் கட்டும்போது உள்ளே இருந்ததா, இல்லை ஏற்கெனவே நின்றுபோயிருந்ததா, நான் ஆடாத தொட்டிலை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் கன்னத்தில் மாத்திரை கரைந்துகொண்டிருந்ததா. ஏன்டி அம்மா, உனக்கு அப்படி என்ன அவசரம், நான் கேட்ட பிறகு கொடுத்திருக்கக் கூடாதா, இல்லை கொடுத்ததையாவது வைத்திருக்கக் கூடாதா, பெண்ணாப் பிறந்த தெய்வம்தானே நீயும், என்று மனசுக்குள் அம்மனோடு சண்டைக்கே நின்றாள். இதை உமையாளிடம் சொல்லி அழுதுவிட வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. உமை, நான் ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணிட்டேன்டி என்று. சொன்னால் தனக்குப் பாரம் இறங்கும், நிச்சயமாக இறங்கும், ஆனால் இறங்கி எங்கே போகும், இவள் தலையில் அல்லவா ஏறும், இவள் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டிவரும், உன் நல்ல மனசுக்குத்தானே செண்பா என்று சொல்லவும் சொல்வாள், அவள் அப்படிப்பட்டவள், அதோடு தொட்டில் என்றாலே அது கேட்கக் கூடாத கேள்விதான், வாயால் கேட்காமல் மரத்தில் கட்டிக் கேட்ட கேள்வி. வேண்டாம். இது என்னோடு கிடக்கட்டும். அவள் எச்சிலை விழுங்கினாள், அதோடு தொட்டிலையும் விழுங்கினாள், அது இறங்க நேரமானது.

"இப்பக் கேளு" என்றாள் உமையாள். மருதாணி முடிந்திருந்தது. பாலித்தீன் பையைத் தலையில் மாட்டி நெற்றியில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி எதிரே வந்து வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். இப்போதுதான் முகம் தெரிந்தது. மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, ஆனால் பார்வை நேராக இருந்தது. கேள் என்கிறாள், சரி, எதைக் கேட்பது, கேட்கக் கூடாததை நகர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தால் தன்னிடம் கேட்க வேறு கேள்வியே இல்லையோ என்று செண்பகத்துக்குப் பயம் வந்தது, இத்தனை வருஷம் இவளிடம் நான் வேறு எதையுமே கேட்டதில்லையா என்ன. "ரொம்ப வலிச்சுதா?" என்றாள். "வலிச்சுது" என்றாள் உமையாள். "பிரசவ வலி மாதிரின்னு சொன்னாங்க, எனக்குப் பிரசவம் தெரியாதே, ஆனா அலை அலையா வந்துச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்." செண்பகத்துக்குத் தெரியும் அந்த அலை, அவள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது, வெளியே அவள் அம்மா தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டது, அது முடிந்ததும் வந்த கோழிரசம், நாற்பது நாள் சுட்ட பூண்டு, மிளகுக் குழம்பு, நல்லெண்ணெய், நீ எழுந்திரிக்காத நீ எழுந்திரிக்காத என்று வீடே சுற்றிச் சுற்றி வந்தது எல்லாம் ஞாபகம் வந்தது, வந்ததும் கேள்வி தானாக வாயில் விழுந்தது. "அன்னைக்கு உனக்கு யாருடி சோறு போட்டா?"

உமையாள் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போல. "அவர் ஹோட்டல்ல இட்லி வாங்கிட்டு வந்தார். சட்னி ஊசிப்போயிருந்துச்சு. அதைப் பார்த்துட்டு அவர் அழ ஆரம்பிச்சுட்டார், ஒரு சட்னிகூட ஒழுங்கா வாங்கத் தெரியலயேன்னு. அழுதுக்கிட்டே இருந்தார். காலையிலேர்ந்து பட்டினி வேற. நான்தான் எந்திரிச்சு ரெண்டு தோசை ஊத்திக் குடுத்தேன்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். "யாருமே இதைக் கேக்கல செண்பா." செண்பகத்துக்குச் சொக்கலிங்கத்தின் மேல் கோபம் வரவில்லை, பாவம் அந்த மனுசனுக்கும்தானே போனது, ஆனால் வயிறு பிசைய ரத்தம் வழிய அடுப்படியில் நின்று தோசைக்கல்லில் எண்ணெய் தடவிய இந்தப் பெண்ணை நினைத்தபோது, அடேயப்பா, உன் காலில் விழலாமடி, என்று நெஞ்சு விம்மியது. அவள் எழுந்தாள். துண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. பாலித்தீன் தொப்பியோடு நேராக அடுப்படிக்குப் போய் பூண்டுக் கூடையைத் தரையில் கவிழ்த்தாள், மிளகு டப்பாவை எடுத்தாள், நல்லெண்ணெய் எங்கே, இதோ, அரிசியைக் குழைய வேக வைக்க வேண்டும், காரம் கூடாது, புளி கொஞ்சமாக, அம்மா எப்படிச் செய்தாள், முதலில் பூண்டைச் சுட்டாளா வதக்கினாளா.

உமையாள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். பூண்டைப் பார்த்தாள், மிளகைப் பார்த்தாள், எண்ணெயைப் பார்த்தாள். அது என்ன சமையல் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "எதுக்கு இது?" என்றாள், குரல் மாறியிருந்தது. "அடுத்ததுக்கு உடம்பைத் தேத்தவா?" செண்பகத்தின் கை நின்றது. ஒரு வேண்டாம் ஏற்கெனவே ஆகிவிட்டது, இன்னொன்றுக்கு இவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள், சொன்னால் செய்கிறவள், போனால் மாசத்தில் ஒரு ஞாயிறும் போயிற்று. ஆமாம் என்று சொல்ல முடியாது, இல்லை சும்மாதான் என்றால் அது பொய், உன் நல்லதுக்கு என்றால் அதைத்தான் ஊரே சொல்கிறதே. உமையாள் அதற்குப் பதிலே வேண்டாம் என்பதுபோல உள்ளே வந்து, குனிந்து, தரையிலிருந்து ஒரு பூண்டை உரிக்க எடுத்தாள். செண்பகம் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

"வைடி கீழ. பெத்தவ வேலை செய்யக் கூடாது" என்றாள்.

உமையாள் அவளையே பார்த்தாள். பிறகு சுவரோரம் போய், காலை நீட்டி, உட்கார்ந்தாள்.